முதல் சப்பாத்து: இப்போதுதான் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு எதை வாங்குவது, எந்த அளவில்?

யாழ்ப்பாணத்தில் ஒரு சப்பாத்துக் கடையில் சின்னப் பிள்ளைகளின் பக்கத்தைப் பார்ப்பது என் வேலை. தாய்மார், அம்மம்மாமார், சில வேளைகளில் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் மாமிமார் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை அவர்கள் கேட்கிற மாதிரியே போட்டு, கடையில் சொல்கிற பதில்களை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன்.

மகன் நேற்றுத்தான் ரெண்டு எட்டு வைச்சார். உடனே சப்பாத்து வாங்க வேணுமோ?

இப்போது வேண்டாம். கதிரையைப் பிடித்து எழும்பி, ரெண்டு எட்டு வைத்து, தொப்பென்று இருந்துவிடுகிற கட்டத்தில் வெறுங்கால்தான் நல்லது. அந்த வயதில் பிள்ளை கால் விரல்களால் நிலத்தைப் பற்றிப் பிடித்துத்தான் சமநிலையைப் பழகுகிறது. சாய்கிற நேரம் விரல்கள் விரிவதையும் மடங்குவதையும் கிட்ட இருந்து பார்த்தால் தெரியும். சப்பாத்தைப் போட்டால் அந்த விரல்களுக்கு வேலை இல்லாமல் போகிறது, நிலம் எப்படி இருக்கிறதென்ற உணர்வும் குறைகிறது. சப்பாத்து நடக்கப் பழக்குவதில்லை. காலை வெட்டு, முள்ளு, சூடு, அழுக்கு என்பவற்றிலிருந்து காப்பது மட்டுமே அதன் வேலை.

ஆகவே பிள்ளை வீட்டுக்கு வெளியே சொந்தக் காலில் நடக்கும்போதுதான் அது தேவைப்படும். நான் பார்க்கச் சொல்கிற அடையாளம் ஒன்று உண்டு. ஒன்றையும் பிடிக்காமல் விறாந்தையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறாரா, நடுவில் விழுந்தால் தானாக எழும்பித் திரும்ப நடக்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் நடந்தால் கடைக்கு வரலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் எட்டிலிருந்து அதற்குச் சில கிழமைகள் எடுக்கும். அதற்கு முன் வாங்குகிற சோடி அனேகமாகப் படம் எடுக்க மட்டும் பயன்பட்டுவிட்டு அளவு போய்விடும்.

அப்ப வெறுங்காலோடயே விடலாமே? நாங்கள் எல்லாம் அப்பிடித்தானே வளந்தம்.

வீட்டுக்குள்ளே தாராளமாக விடலாம். பளபளப்பான சிவப்புச் சீமெந்து நிலத்திலும் மாபிளிலும் வெறுங்காலைவிடப் பாதுகாப்பானது எதுவும் இல்லை. மேசு மட்டும் போட்டுவிட்டால் வழுக்கும். குளிருக்கென்று போட வேண்டி வந்தால், அடியில் றப்பர்ப் புள்ளி வைத்த மேசு வாங்குங்கள்.

முற்றம் வேறு கதை. கூட்டித் துப்புரவாக்கிய முற்றத்தில் நீங்கள் பக்கத்தில் நிற்கிறபோது கொஞ்ச நேரம் விடுவதில் பிழையில்லை. ஆனால் எங்கள் வளவுகளில் நெருஞ்சி முள் இருக்கும், வேலியிலிருந்து விழுந்த முட்கம்பித் துண்டும் துருப்பிடித்த ஆணியும் இருக்கும், பனைமரத்தடி என்றால் கருக்கு மட்டை கிடக்கும். கண்ணுக்குத் தெரியாதது கொக்கிப்புழு. மலம் கலந்த ஈரமண்ணில் இருக்கும் அதன் குடம்பி, பாதத் தோலைத் துளைத்துத்தான் உடம்புக்குள் போகிறது. நாய் பூனை போய்வருகிற மண்ணிலும், கழிவுநீர் தேங்குகிற கிணற்றடிப் பக்கத்திலும் வெறுங்காலோடு விடாதீர்கள்.

பங்குனி, சித்திரை வெய்யிலில் மத்தியானத் தார் வீதியும் சீமெந்து வாசலும் எவ்வளவு கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் நின்று பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அந்த மெல்லிய பாதத்துக்கு நிச்சயம் சுடும்.

கால் அளவை வீட்டில எப்பிடி எடுக்கிறது? பிள்ளை ஒரு இடத்தில நிக்காது.

நிற்காதுதான். அதனால் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பிள்ளையைப் பிடிக்க, ஒருவர் அளக்க. பின்னேரம் எடுங்கள், நாள் முழுக்க ஓடித்திரிந்த கால் காலையைவிடக் கொஞ்சம் பெருத்திருக்கும்.

பிஸ்கற் பெட்டி மட்டை ஒன்றைச் சுவரோடு ஒட்டி நிலத்தில் வையுங்கள். பிள்ளையை அதன்மேல் நிறுத்தி, குதிகால் சுவரில் முட்டும்படி விடுங்கள். மடியில் இருத்தி அளக்கக் கூடாது. பாரம் இறங்கும்போது பாதம் முன்னுக்கும் பக்கவாட்டிலும் விரியும். மடியில் எடுத்த அளவுக்கும் நிற்கும்போது எடுத்த அளவுக்கும் சில மில்லிமீற்றர் வித்தியாசம் வரும். இந்த வயதில் அது அரை அளவுக்குக் கிட்டப் போய்விடும்.

மிக நீண்ட விரல் எதுவோ, அதன் நுனிக்கு முன்னால் பேனையை நேர்க்குத்தாகப் பிடித்து ஒரு கோடு போடுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். பேனை சரிந்தால் கோடு விரலுக்கு அடியில் போய், அளவு குறைந்துவிடும். விரல் மடங்கியிருந்தால் பாதத்தின் மேற்பக்கத்தை மெல்லத் தடவிவிடுங்கள், விரிப்பார். பிறகு விரல்கள் தொடங்குகிற இடத்தில், பாதம் மிக அகலமாயிருக்கிற பக்கத்தில், இரு புறமும் ஒவ்வொரு புள்ளி போடுங்கள். அது அகலம்.

இரண்டு காலையும் எடுக்க வேண்டும், இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். பெரிய காலின் அளவுதான் கணக்கு. பிள்ளை நித்திரையாகக் கிடக்கும்போது நூல் பிடித்து எடுத்த அளவைக் கொண்டுவந்து சப்பாத்துக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த நூலை வைத்து நான் ஒன்றையும் விற்பதில்லை.

கொஞ்சம் பெரிசா வாங்கினா கனநாளைக்குப் போடலாமே?

பிள்ளையின் பாதம் ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை மாதத்துக்குச் சராசரியாக ஒன்றரை மில்லிமீற்றர் வளர்கிறது. நடக்கும்போதும் பாதம் சப்பாத்துக்குள் முன்னுக்குச் சறுக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நீண்ட விரலுக்கு முன்னால் 10 தொடக்கம் 12 மில்லிமீற்றர் இடம் இருப்பது சரி. அது 5 மில்லிமீற்றருக்கு வந்ததும் மாற்ற வேண்டும். 12 விட்டு வாங்கினால் நாலு மாதம், சில வேளை ஐந்து மாதம் போடலாம். அதற்கு மேல் ஒரு சோடியை இழுக்க வழியில்லை.

20 மில்லிமீற்றர் விட்டு வாங்கினால் என்ன நடக்கும் என்பதைக் கடையிலேயே காணலாம். சப்பாத்து மடிய வேண்டிய இடம் விரல்களின் அடிப்பக்கத்துக்கு நேரே வராமல் முன்னுக்குப் போய்விடும். குதிகால் ஒவ்வொரு எட்டுக்கும் கழன்று எழும்பும். கழலாமல் பிடிக்கப் பிள்ளை விரல்களை மடக்கி இறுக்கும். முன்பக்கம் நிலத்தில் தட்டி முகங்குப்புற விழும். அடுத்த பெருநாள்வரை போடட்டும் என்று வாங்கின சப்பாத்து, அளவு சரியாக வருகிற நேரம் முன்பக்கம் தேய்ந்து கிழிந்திருக்கும்.

சின்னதாகப் போட்டால் வருகிற கேடு அதைவிட மோசம், ஏனென்றால் அது வெளியே தெரியாது. பாதத்தின் எலும்புகள் சில இந்த வயதில் இன்னும் குருத்தெலும்புதான். இறுக்கமான சப்பாத்துக்குள் அவை வளைந்து கொடுத்துவிடும், பிள்ளை நோகிறதென்று அழாது. அழவில்லை, ஆகவே அளவு சரி என்று எண்ண வேண்டாம்.

கனடாவில இருந்து மாமி அனுப்பினதில 5 எண்டு போட்டிருக்கு. கடையில 20 எண்டு சொல்லினம். எதை நம்புறது?

மட்டையை நம்புங்கள். இங்கே கடைகளில் மூன்று விதமான எண்கள் கலந்து கிடக்கும். ஐரோப்பிய எண்ணில் ஒவ்வொரு அளவும் மூன்றில் இரண்டு சென்ரிமீற்றர். 20 என்றால் 13.3 சென்ரிமீற்றர். பிரித்தானிய எண் நாலு அங்குலத்தில் தொடங்கி ஒவ்வொரு அளவுக்கும் மூன்றில் ஓர் அங்குலம் கூடும். பிள்ளைகளின் 4 என்றால் 13.5 சென்ரிமீற்றர். அமெரிக்க, கனடிய எண் பிரித்தானிய எண்ணைவிட ஏறத்தாழ ஒன்று கூட. ஆகவே மாமி அனுப்பிய 5, இங்கே 4 என்பதற்குக் கிட்ட வரும், ஐரோப்பிய எண்ணில் 20 அல்லது 21.

இந்தக் கணக்கெல்லாம் சப்பாத்து செய்கிற அச்சுக்கு உரியது. தடித்த பஞ்சு வைத்துத் தைத்தால் உள்ளிடம் அதைவிடக் குறையும். ஒரே எண் போட்ட இரண்டு சோடியை நான் அளந்து பார்த்தபோது உள்நீளம் அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபட்டதும் உண்டு. இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பெரிய காலின் நீளத்தோடு 12 மில்லிமீற்றரைக் கூட்டி, அந்த நீளத்துக்கு மட்டையில் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டுங்கள். ஒரு முனையைக் கத்தரியால் வளைவாக்குங்கள். கடையில் அந்தத் துண்டைச் சப்பாத்துக்குள், வளைந்த முனை முன்னுக்குப் போக விடுங்கள். மடங்காமல், குதிப்பக்கம் இடைவெளி இல்லாமல் படுத்தால் சரி. படுக்காமல் வளைந்து நின்றால் சின்னது. பின்னால் இடம் மிஞ்சினால் பெரியது. மட்டைத் துண்டை மாமிக்கும் படம் எடுத்து அனுப்பலாம், ஆனால் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து எடுங்கள்.

சப்பாத்தைக் கையில எடுத்து என்னத்தைப் பாக்க வேணும்?

முதலில் மடித்துப் பாருங்கள். குதியை ஒரு கையிலும் முன்நுனியை மறுகையிலும் பிடித்து மெல்ல அமர்த்துங்கள். முன்பக்கம், விரல்கள் தொடங்குகிற இடத்தில், அதிகம் சிரமப்படாமல் மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் பாதம் மடியாத இடத்தில் சப்பாத்து மடிகிறது என்று பொருள். எங்குமே மடியாவிட்டால் அதைத் தட்டிலேயே வைத்துவிடுங்கள். கடையில் பாதிச் சோடிகளை இந்த ஒரு சோதனையிலேயே கழித்துவிடலாம்.

அடி மெல்லியதாக, குதியும் முன்பக்கமும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். குதி உயர்ந்த சப்பாத்து பிள்ளையை முன்னுக்குத் தள்ளும். அடியில் சின்னச் சின்ன வரிகள் போதும். மலையேறுகிற சப்பாத்து மாதிரி ஆழமான பல் இருந்தால், காலைச் சரியாக உயர்த்தத் தெரியாத பிள்ளைக்கு அது நிலத்தில் கொழுவி விழுத்தும். வழவழவென்ற பிளாஸ்ரிக் அடி மாபிளில் சறுக்கும்.

முன்பக்கத்தை மேலிருந்து பாருங்கள். பிள்ளையின் பாதம் விரல்களிடம்தான் அதிக அகலம். பெரியவர்களின் சப்பாத்தைச் சுருக்கிச் செய்த மாதிரிக் கூம்பி வருகிறதெல்லாம் பார்க்கத்தான் அழகு. உள்ளே கையை விட்டுத் தையல் மடிப்பு, பசைக் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று தடவுங்கள். வாய் நன்றாக விரிந்து திறக்க வேண்டும், ஒட்டுப்பட்டி இருந்தால் வசதி. காலை இழுத்துத் திணிக்கிற மாதிரி இருந்தால் உள்ளே விரல் மடிந்து கிடப்பதை நீங்கள் காணமாட்டீர்கள்.

நீங்கள் சொல்லுறதை ஒரு பிள்ளைக்கு வைச்சுச் சொல்லுங்கோவன்.

கோப்பாய்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் 13 மாத மகளைக் கொண்டு வந்தா. பிள்ளை விறாந்தையில் தனியே நடக்கிறா, முற்றத்துக்கு இறங்க அடம்பிடிக்கிறா. நிறுத்தி அளந்தபோது இடதுகால் 11.7 சென்ரிமீற்றர், வலதுகால் 12.0. அகலம் 5.4. பெரியது வலது, ஆகவே 13.2 சென்ரிமீற்றருக்கு மட்டை வெட்டினேன்.

தாய் கையோடு கொண்டுவந்தது வெளிநாட்டுச் சோடி ஒன்று, தோல், கணுக்காலுக்கு மேலே வருவது, 5 என்று போட்டிருந்தது. அதன் உள்நீளம் 13.9. விரலுக்கு முன்னால் 19 மில்லிமீற்றர் மிஞ்சும். மாதம் ஒன்றரை மில்லிமீற்றர் என்று பார்த்தால் இன்னும் நாலைந்து மாதத்தில்தான் அது கணக்காக வரும், எடுத்து வையுங்கள் என்றேன். அம்மம்மாவுக்கு மனம் வரவில்லை. நுனியில் பஞ்சு வைத்துப் போடலாமே என்றா. பஞ்சு முன்னால் இடத்தை அடைக்கும், ஆனால் சப்பாத்து மடிகிற இடமும் குதிப்பக்கமும் அப்படியே பெரிதாகத்தான் இருக்கும்.

கடையில் அவவுக்குப் பிடித்தது பூப்போட்ட ஒரு சோடி, 20. மட்டை அழகாகப் படுத்தது, உள்நீளம் 13.3. ஆனால் உள்சோலைக் கழற்றி, பிள்ளையை அதன்மேல் நிறுத்திப் பார்த்தால் சின்னவிரல் பக்கம் வெளியே தொங்கியது. அந்த இடத்தில் உள்சோலின் அகலம் 4.8தான். நீளம் சரியாயிருந்தும் அதை விட்டோம். உள்சோல் கழலுகிற சப்பாத்து என்றால் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள், அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

கடைசியில் எடுத்தது சாதாரணத் துணிச் சப்பாத்து. மெல்லிய றப்பர் அடி, அகலமான முன்பக்கம், ஒரே ஒரு ஒட்டுப்பட்டி, உள்நீளம் 13.2. மூன்றிலும் விலை குறைந்ததும் அதுதான். போட்டுவிட்டு, குதியைப் பின்னுக்குத் தள்ளி, பட்டியை இறுக்கி நடக்கவிட்டோம். முதலில் சேற்றில் நடப்பது போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தா, பிறகு கண்ணாடியைக் கண்டதும் சப்பாத்தை மறந்து ஓடினா. குதி கழலவில்லை. கழற்றியபோது கணுக்காலுக்குக் கீழே மெல்லிய சிவப்பு வரி ஒன்று இருந்தது, கொஞ்ச நேரத்தில் மறைந்துவிட்டது. மறையாமல் நின்றிருந்தால் அதையும் விட்டிருப்பேன்.

கணுக்காலை இறுக்கிப் பிடிக்கிற உயரச் சப்பாத்துத்தானே காலுக்குப் பலம்?

ஆரோக்கியமான பிள்ளைக்கு அப்படி ஒரு பிடி தேவையில்லை. கணுக்கால் அசைந்து அசைந்துதான் அதன் தசைகள் பலப்படும். உயரச் சப்பாத்தில் ஒரேயொரு நன்மை, பிள்ளையால் லேசில் கழற்ற முடியாது. அதற்காக வாங்குவதென்றால் மேல்பகுதி மென்மையாயிருக்கட்டும். காலில் கொலுசு, தண்டை போட்டிருந்தால் உயரச் சப்பாத்துக்குள் அது அமர்ந்து தோலை உரித்துவிடும். கழற்றிவிட்டுப் போடுங்கள், அல்லது கட்டைச் சப்பாத்தாக எடுங்கள்.

மகளின்ர பாதம் தட்டையா இருக்கு. உள்ளுக்கு வளைவு வைச்ச சப்பாத்து வாங்க வேணுமோ?

இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளின் பாதமும் தட்டையாகத்தான் தெரியும். உள்வளைவில் கொழுப்பு மெத்தை ஒன்று இருக்கிறது. வளைவு தெரியத் தொடங்குவது சில வருடங்களுக்குப் பிறகு. முழங்கால்கள் வெளிப்பக்கம் வளைந்து கால் வில்லாக இருப்பதும் இரண்டு வயதுவரை சாதாரணம். வளைவு வைத்த சப்பாத்து இந்த வயதுப் பாதத்தைத் திருத்தும் என்று சொல்லி விலை கூட்டி விற்பார்கள், வாங்காதீர்கள்.

கீச்கீச்செண்டு சத்தம் போடுற சப்பாத்து, லைட் எரியிற சப்பாத்து?

பிள்ளைக்குச் சந்தோசம், எங்களுக்கு வியாபாரம். ஆனால் சத்தம் வருவதற்குக் குதிக்குள் ஊதி ஒன்று வைக்க வேண்டும், அதற்காக அடி தடித்துப் போகும், மடியாது. பிள்ளையும் சத்தம் கேட்கக் குதியை ஓங்கி ஓங்கிக் குத்தி நடக்கப் பழகும். அந்த ஊதி கழன்று வந்தால் நேரே வாய்க்குப் போகிற அளவுதான். லைட் சப்பாத்தில் பட்டன் பற்றரி இருக்கும். அடி பிளந்து அது வெளியே வந்து பிள்ளை விழுங்கினால், சில மணித்தியாலத்துக்குள் உணவுக் குழாயை எரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓட வேண்டும். முதல் சோடிக்கு இரண்டும் வேண்டாம்.

அண்ணாவின்ர பழைய சப்பாத்து புதுசு மாதிரித்தான் கிடக்கு. போடலாமோ?

கவிழ்த்துப் பாருங்கள். அடி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, உள்ளே அண்ணாவின் விரல்கள் பதிந்த குழிகள் இருந்தாலோ விடுங்கள், அந்தச் சப்பாத்து அவருடைய காலுக்குப் படிந்துவிட்டது. நாலைந்து தரம் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் போட்டதென்றால், மட்டை சரியாகப் படுத்தால், போடலாம்.

எங்கள் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. பார்சலில் வந்து அலுமாரியில் வருடக்கணக்காய்க் கிடந்த நல்ல சப்பாத்து, போட்ட அன்றே அடி உதிர்ந்து விழுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். பஞ்சு மாதிரி மெல்லிய பொலியூரிதேன் அடி, காற்றிலுள்ள ஈரத்தோடு மெதுவாகச் சிதையும். எங்கள் வெக்கையில் இன்னும் கெதியாக. போடுவதற்கு முன் அடியை நகத்தால் அமர்த்தி, மடித்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ, தூள் கையில் ஒட்டினாலோ கொடுக்க வேண்டாம்.

செருப்புப் போட்டு விட்டா என்ன? வெக்கைக்கு அதுதானே சுகம்.

விரலிடையில் கொழுவுகிற செருப்பு இந்த வயதுக்குச் சரிவராது, அது கழலாமல் இருக்க விரல்கள் இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பின்பட்டி வைத்த, முன்விரல்கள் மூடிய துணிச் சாண்டில்ஸ் எங்கள் வெக்கைக்கு நல்லது. வியர்வை நிற்காது, விரலும் கல்லில் அடிபடாது. முழுக்கப் பிளாஸ்ரிக் என்றால் உள்ளே ஈரம் தேங்கி வழுக்கும், மணல் புகுந்து உராயும். நல்லூர்த் திருவிழாவுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. வீதி முழுக்க மணல், எல்லாரும் வெறுங்கால். வெய்யில் ஏற முன் போய்வாருங்கள்.

மழைக்காலத்தில சப்பாத்து காயுதில்லை, மணக்குது.

ஐப்பசியிலிருந்து மார்கழிவரை இந்தக் கரைச்சல்தான். உள்சோலைக் கழற்றித் தனியே காயவிடுங்கள், சப்பாத்துக்குள் பத்திரிகைக் கடதாசியைக் கசக்கி வைத்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மாற்றுங்கள். அடுப்படியில் வைக்க வேண்டாம், தோல் விறைத்துப் பசை விட்டுப்போகும். துணி என்றால் சவர்க்காரம் போட்டுக் கழுவி நிழலில் காயவிடலாம். ஈரத்தோடு மட்டும் போட்டுவிடாதீர்கள், விரலிடுக்கு வெந்து புண்ணாகும்.

எப்ப வைத்தியரிட்டக் காட்ட வேணும்?

18 மாதமாகியும் தனியே நடக்காவிட்டால் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். நடக்கிற பிள்ளை நொண்டினால், ஒரு காலை மட்டும் இழுத்து வைத்தால், ஒரு பாதம் மட்டும் விறைத்தோ உள்ளே திரும்பியோ இருந்தால், அல்லது நன்றாக நடந்த பிள்ளை திடீரென்று நடக்க மறுத்தால் 18 மாதம்வரை காத்திருக்கக் கூடாது. நுனிக்காலில் நடப்பது தொடக்கத்தில் பல பிள்ளைகளிடம் உண்டு. எப்போதுமே அப்படித்தான், குதியை நிலத்தில் வைக்கவே முடியவில்லை என்றால் காட்டுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது அவவுக்கு முன்னால் பிள்ளையை நடக்கவிட்டாலே போதும், எங்கே அனுப்ப வேண்டுமென்று அவவுக்குத் தெரியும்.

நடக்கச் சுணங்குகிறதென்று உள்ளே இருத்தி உருட்டுகிற வோக்கரை மட்டும் வாங்காதீர்கள். அது நடையைக் கெதிப்படுத்தாது, படியில் உருண்டு விழுகிற ஆபத்துத்தான் உண்டு. கனடாவில் 2004 ஆம் ஆண்டிலிருந்து அதை விற்கவே தடை.

அடுத்த சோடி எப்ப வாங்க வேணும்?

ஆறு கிழமைக்கு ஒருதரம் பிள்ளையை மட்டையில் நிறுத்திப் புதிதாக அளவெடுங்கள். சப்பாத்தின் உள்நீளத்திலிருந்து புதிய கால் நீளத்தைக் கழியுங்கள். 5 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ மிஞ்சினால் மாற்ற வேண்டும். நுனியைப் பெருவிரலால் அமர்த்தி இடம் பார்ப்பதை நம்பாதீர்கள், நீங்கள் அமர்த்துகிற அந்த நேரம் பிள்ளை விரலை மடக்கிவிடும், இடம் இருக்கிற மாதிரித் தெரியும். தைப்பொங்கலுக்கோ தீபாவளிக்கோ புதுச் சோடி எடுப்பதென்றால் அந்தக் கிழமையில் வாருங்கள். இரண்டு மாதம் முந்தி மலிவு விற்பனையில் அளவு பார்த்து எடுத்தால், போடுகிற அன்றைக்கு அதில் 3 மில்லிமீற்றர் ஏற்கனவே போயிருக்கும்.